ஒரு சைஸ் பெரிசா எடுத்தா சரியாயிடுமா?

கால் பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கி வலிக்கிறது என்று யாராவது சொன்னால், நம் பக்கத்தில் உடனே இரண்டு யோசனைகள் வரும். ஒன்று, "ஓரத்தை நல்லா உள்ள வரைக்கும் வெட்டி விடு". இன்னொன்று, "ஷூ டைட்டா இருக்கும், ஒரு சைஸ் பெரிசா வாங்கு". முதல் யோசனை கெடுதல் என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி இப்போது பலருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது யோசனை நல்ல யோசனை போலவே தோன்றுவதால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆம்பூர் பக்கம் ஷூ தொழிற்சாலையில் 31 வருடம் லாஸ்டிங் பிரிவில் நின்றவன் நான். அதனால் இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். இதை நகச்சுற்று என்று சொல்லி எலுமிச்சம் பழத்தைச் செருகிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நகச்சுற்று என்பது நகத்தைச் சுற்றியுள்ள சதையில் கிருமி சேர்ந்து வீங்குவது. நான் சொல்வது வேறு. இதில் நகத்தின் ஓரம் ஒரு சிறு முள் போலப் பக்கத்துச் சதைக்குள் குத்தி நிற்கிறது. சீழ் அதற்குப் பிறகு வருவது. முள் உள்ளே இருக்கிற வரை மாத்திரை சாப்பிட்டால் சீழ் குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். ஆகவே முள் ஏன் குத்துகிறது என்பதுதான் கேள்வி.

நகம் சதைக்குள் போவதாக நாம் சொல்கிறோம். ஷூ போடுகிறவர்கள் விஷயத்தில் பாதி நேரம் நடப்பது தலைகீழ். நகம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, சதையை யாரோ நகத்தின் மேல் கொண்டுபோய்த் தள்ளுகிறார்கள். முன்பக்கம் குறுகிய ஷூவில் பெருவிரலை உள்பக்கச் சுவர் இரண்டாவது விரலை நோக்கித் தள்ளும். இரண்டாவது விரலுக்கு நகர இடமில்லை, அது திருப்பித் தள்ளும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வது பெருவிரல் நகத்தின் வெளியோரத்துச் சதை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு நசுக்கல். அதோடு ஓரத்தை வட்டமாக வெட்டியும் விட்டிருந்தால், நகம் வளரும்போது அதன் முனைக்கு எதிரே சதை வந்து நிற்கும். வியர்வையில் ஊறிய சதை என்றால் குத்துவது இன்னும் சுலபம்.

என் தங்கை மகன் சென்னையில் ஒரு ஹோட்டலில் வரவேற்புப் பகுதியில் வேலை பார்க்கிறான். வயது 24. ஒன்பது மணி நேரம் நின்றுகொண்டே வேலை. கறுப்புத் தோல் ஷூ, பளபளப்பாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. வேலைக்குச் சேர்ந்தபோது ஏழாம் நம்பரில், முன்பக்கம் கூர்மையான, லேஸ் இல்லாத ஷூ ஒன்று வாங்கினான். நான்கு மாதத்தில் வலது பெருவிரலில் சிவப்பு, வீக்கம், பிறகு சீழ். அங்கே ஒரு கிளினிக்கில் முழு நகத்தையும் எடுத்துவிட்டார்கள். புண் ஆறி வேலைக்குத் திரும்பும்போது கடைக்காரர் சொன்னபடி எட்டாம் நம்பரில் அதே மாடலை வாங்கினான். ஒன்பது மாதம் போனது. நகம் முக்கால்வாசி வளர்ந்து வந்த நேரத்தில் அதே ஓரத்தில் அதே வலி.

தங்கை எனக்குப் போன் செய்து, "அண்ணே, இவனுக்கு இந்த வேலையே வேணாம்னு தோணுது. ராத்திரி போர்வை விரல்ல பட்டாக்கூட கத்துறான்" என்றாள். அவனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"இப்ப என்னடா பண்ணப் போற?"

"ஒன்பது வாங்கலாம்னு இருக்கேன் மாமா."

"வாங்காதே. அந்த எட்டையும் எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை இங்க வா."

அவன் வருவதற்குள் லாஸ்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஷூ செய்யும்போது உள்ளே ஒரு கால் வடிவக் கட்டை இருக்கும். அந்தக் காலத்தில் மரம், இப்போது பிளாஸ்டிக். அதற்குப் பெயர் லாஸ்ட். தைத்து வந்த மேல் தோலை இந்த லாஸ்ட் மேல் போர்த்தி, மெஷினில் இழுத்து, அடியில் ஒட்டுவதுதான் லாஸ்டிங். முன்பக்கம் தோலுக்கும் உள் லைனிங்குக்கும் நடுவில் டோ பஃப் என்று ஒரு தகடு வைப்போம். சூட்டில் இளகும், ஆறினால் விறைத்துக்கொள்ளும். ஷூவின் மூக்கு வருடக்கணக்கில் அமுங்காமல் நிற்பது அதனால்தான். கடைசியில் லாஸ்டைக் கழற்றிவிடுவோம். அது இருந்த காலி இடத்தில்தான் உங்கள் கால் நுழைகிறது.

இப்போது உங்கள் பாதத்தைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலோருக்கு நீளமானது பெருவிரல், சிலருக்கு இரண்டாவது விரல். எப்படியானாலும் பாதத்தின் முனை உள்பக்கமாகவே இருக்கும், அங்கிருந்து சுண்டுவிரல் பக்கம் சரிந்து போகும். கூர்மூக்கு லாஸ்டின் முனை எங்கே இருக்கிறது? நட்ட நடுவில். கண்ணுக்கு அழகாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்து நடுவில் சேர்கிறது. அப்படியென்றால் பெருவிரல் நேராக நீண்டிருக்க வேண்டிய இடத்தில் சுவர் வந்துவிட்டது. விரல் நடுவை நோக்கி வளைந்தால்தான் உள்ளே இருக்க முடியும்.

நம்பர் கூட்டினால் இந்தச் சுவர் எவ்வளவு விலகும்? நம் கடைகளில் இருக்கும் ஆறு, ஏழு, எட்டு எல்லாம் இங்கிலாந்துக் கணக்கு. ஒரு நம்பருக்கு நீளம் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. கூடும். விரல்கள் தொடங்கும் அகலமான இடத்தில் சுற்றளவு சுமார் 6 மி.மீ. கூடும். சுற்றளவு என்பது மேலும் கீழும் பக்கமும் சேர்ந்தது. அதைப் பாதத்தின் அகலமாகப் பார்த்தால் கிடைப்பது 2 மி.மீ. அளவுதான். மூக்கின் வடிவம் மாறுவதே இல்லை. கூர்மையான ஏழு கொஞ்சம் பெரிய கூர்மையான எட்டாகிறது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். சாயங்காலம் வரை உட்கார வைத்திருந்தேன். நாள் முழுக்க நடந்த கால் சாயங்காலம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதைத்தான் அளக்க வேண்டும். வழக்கமாகப் போடும் சாக்ஸோடு, வெள்ளைத் தாளில் இரண்டு காலிலும் சமமாக எடையிட்டு நிற்கச் சொல்லி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிக் கோடு போட்டேன். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் கால் ஒல்லியாகத் தெரியும், வெளியே சாய்ந்தால் பருமனாகத் தெரியும். நீளம் 258 மி.மீ. வந்தது. விரலுக்கு முன்னால் விட வேண்டிய இடத்தையும் சேர்த்தால் அவனுக்குச் சரியான நம்பர் ஏழுதான். முதலில் வாங்கியதே சரியான நீளம்.

அடுத்து, பெருவிரல் நுனியிலிருந்து 30 மி.மீ. பின்னால் தாளில் ஒரு குறுக்குக் கோடு போட்டேன். நகத்தின் அடிப்பகுதிக்குக் கொஞ்சம் பின்னால் வரும் இடம் அது. அங்கே அவன் விரல்களின் மொத்த அகலம் 82 மி.மீ. பிறகு எட்டாம் நம்பர் ஷூவுக்குள் ஒரு கெட்டி அட்டையை வைத்து, மடங்காமல் படியும் வரை ஓரம் ஓரமாகக் கத்தரித்து, அவன் கால் இருக்கும் அதே இடத்தில் அளந்தேன். தோல் ஓரத்தில் வெளியே வளைந்து கொடுக்கும் அளவையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டும் 70 மி.மீ. தான். 82 மி.மீ. உள்ள விரல்கள் ஒன்பது மணி நேரம் 70 மி.மீ. இடத்தில் இருந்திருக்கின்றன. அந்த 12 மி.மீ. எங்கே போனது என்று அவன் விரலைப் பார்த்தால் தெரிந்தது.

"ஒன்பது வாங்கியிருந்தா மாமா?"

ஒன்பதில் மூக்கு இன்னும் 8.5 மி.மீ. முன்னால் போகும். குதிகால் பின்னால் ஒட்டி நின்றால், அதே இடத்தில் 74 மி.மீ. வரை கிடைத்திருக்கலாம். அப்போதும் 8 மி.மீ. பற்றாக்குறை. ஆனால் குதிகால் ஒட்டி நிற்காது. நீளம் கூடிய ஷூவில் குதிகால் பகுதியும் தளர்ந்துவிடும். லேஸ் இல்லாததால் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. நடக்கும்போது கால் முன்னால் சரியும், சரிந்து ஏறக்குறைய அதே பழைய குறுகலில் போய் முட்டும். முன்பு பக்கத்திலிருந்து நசுக்கல் மட்டும்தான், இப்போது முன்னாலிருந்து இடியும் சேர்ந்துவிடும். எட்டாம் நம்பரிலேயே இது தொடங்கிவிட்டது என்பதற்கு அவன் குதிகாலில் காய்ப்பு இருந்தது. பெரிய நம்பர் வாங்கியும் வலி போகவில்லை என்று சொல்கிறவர்களின் குதிகாலைப் பாருங்கள், பெரும்பாலும் கதை அங்கே இருக்கும்.

லேஸ் இல்லாத ஷூவுக்கு இன்னொரு குணம் உண்டு. லேஸ் ஷூவை பாதத்தின் மேல்பகுதியில் கட்டி, குதிகாலோடு சேர்த்துப் பிடிக்கலாம், முன்பக்கத்தை விசாலமாக விடலாம். லேஸ் இல்லாதது காலோடு நிற்க வேண்டுமானால் முன்பக்கத்தில் இறுக்கிப் பிடித்தே ஆக வேண்டும். ஆகவே விரல் நகத்தில் தொல்லை உள்ளவர்கள் ஆபீஸ் ஷூ வாங்கினால் லேஸ் வைத்ததாக வாங்குவது நல்லது.

செருப்பு தைப்பவரிடம் கொடுத்து விரித்துக்கொள்ளலாமா என்று தம்பி கேட்டான். கட்டை போட்டு விரிப்பது நல்ல வேலைதான், ஆனால் அது விரல்கள் தொடங்கும் அகலமான இடத்தில் பலன் தரும். டோ பஃப் இருக்கும் மூக்குப் பகுதி விரிந்து கொடுக்காது. விரியாமல் இருப்பதற்காகத்தானே அதை உள்ளே வைக்கிறோம்! இரும்புத் தொப்பி வைத்த பாதுகாப்பு ஷூ போடும் தொழிலாளர்களுக்கும் இதே நிலைதான். அங்கே பக்கவாட்டு அகலத்தோடு மேல் உயரமும் முக்கியம். மூக்கு தாழ்வாக இருந்தால் நகத்தை மேலிருந்து அழுத்தும். ஷூவுக்குள் கையை விட்டு, பெருவிரலுக்கு மேலே லைனிங்கைத் தடவிப் பாருங்கள். அங்கே குழியோ தேய்மானமோ ஓட்டையோ இருந்தால் உயரம் போதவில்லை என்று அர்த்தம். சாக்ஸ் எப்போதும் பெருவிரல் நகத்துக்கு மேலேயே கிழிந்தாலும் அதே அர்த்தம்.

அவனுக்கு வேண்டியது பெரிய நம்பர் அல்ல, அதே நம்பரில் வேறு லாஸ்ட். ஏற்றுமதி ஷூக்களில் ஒரே நீளத்துக்குப் பல அகலங்கள் உண்டு, எழுத்து போட்டுக் குறிப்பார்கள். இங்கிலாந்துக் கணக்கில் ஆண்களுக்கு எஃப் அல்லது ஜி சாதாரணமாக வரும், எச் அதைவிட அகலம். நம் ஊர்க் கடைகளில் இது அதிகம் இருப்பதில்லை. ஆனால் ஷூவின் அடியிலோ நாக்கிலோ பெட்டியிலோ எழுதியிருந்தால் கவனியுங்கள். ஒரு எச்சரிக்கை: அகல எழுத்து கூடினாலும் மூக்கு கூர்மையாக இருந்தால் பயன் குறைவு. எழுத்து பாதத்தின் அகலமான இடத்துக்கு உரியது, விரல் நுனிக்கு அல்ல. முதலில் மூக்கு வட்டமா என்று பார்க்க வேண்டும், பிறகுதான் எழுத்து.

மூன்று கடை ஏறி இறங்கினோம். தாளில் வரைந்த காலை வெட்டிக் கையில் வைத்திருந்தேன். உள் அட்டையைக் கழற்ற முடிகிற ஷூக்களில் அதை வெளியே எடுத்து, தம்பியை அதன் மேல் நிற்கச் சொன்னேன். விரல்கள் அட்டைக்கு வெளியே பிதுங்கினால் அந்த ஷூ வேண்டாம். கடைசியில் ஏழாம் நம்பரில், லேஸ் வைத்த, வட்ட மூக்குக் கறுப்பு ஷூ கிடைத்தது. அதே 30 மி.மீ. இடத்தில் அட்டை 81 மி.மீ. காட்டியது. நீளமான விரலுக்கு முன்னால் 12 மி.மீ. இடம், என் கட்டைவிரல் அகலத்தை விடக் கொஞ்சம் குறைவு. பாலிஷ் போட்டால் ஹோட்டல்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஷூ மாற்றினால் ஏற்கெனவே உள்ளே குத்தி நிற்கும் முள் வெளியே வராது. வெறும் சிவப்பும் வலியும் இருக்கிற ஆரம்பத்தில், தினமும் மூன்று நான்கு முறை பத்துப் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் காலை வைத்து, ஈரத்தைத் துடைத்து, அகலமான செருப்பு போட்டு, நகத்தை நேராக வளர விட்டாலே பலருக்குத் தணிந்துவிடும். சீழ் வந்துவிட்டாலோ, ஓரத்தில் சிவந்த சதை பூ மாதிரி பொங்கி, தொட்டால் ரத்தம் கசிந்தாலோ டாக்டரிடம்தான் போக வேண்டும். தம்பிக்கு அந்த நிலை. இந்த முறை சர்ஜன் முழு நகத்தையும் தொடவில்லை. விரலை மரக்க வைத்து, குத்துகிற ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் எடுத்து, அந்தக் கீற்று முளைக்கும் வேரில் பினால் என்ற மருந்தைத் தடவினார். வேர் கருகிவிட்டால் அந்த ஓரம் திரும்ப முளைப்பது அபூர்வம். சில வாரம் நீர் கசிந்து ஆறியது.

முதல் முறை முழு நகம் எடுத்தும் ஏன் திரும்பியது என்று அவரிடம் கேட்டேன். வேரைச் சும்மா விட்டுவிட்டு நகத்தை மட்டும் எடுத்தால் அது மறுபடி வளரத்தானே செய்யும் என்றார். பெருவிரல் நகம் முழுதாக வளர ஒரு வருடமும் அதற்கு மேலும் ஆகும். அதுவரை மேலே அழுத்திப் பிடிக்க நகம் இல்லாததால் நுனிச் சதை எழும்பி நிற்கும். வளர்ந்து வருகிற நகம் அந்த மேட்டில் முட்டும். அதோடு ஷூவும் சதையை ஓரத்திலிருந்து தள்ளிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைத் தம்பியின் ஒன்பது மாதம் காட்டிவிட்டது.

எல்லாப் பழியையும் ஷூ மேல் போட முடியாது. ரப்பர் செருப்பைத் தவிர வேறெதுவும் அறியாதவர்களுக்கும் இது வருவதுண்டு. சிலருக்கு நகமே பிறவியில் அதிகம் வளைந்திருக்கும், சிலருக்குக் கல்லில் இடித்துக்கொண்ட பிறகு கோணலாக வளரும். அவர்களுக்கு ஷூ மாற்றுவது வலியைக் குறைக்கும், காரணத்தைத் தீர்க்காது. எந்தப் பக்க ஓரம் வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் பிரித்தறியலாம். வேலை நாளில் கூடி, இரண்டு நாள் விடுமுறையில் செருப்போடு இருந்தால் குறைகிற வலி என்றால் ஷூவைத் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. தங்கைக்கே பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. அவளுக்குக் காலில் உணர்ச்சி குறைவு, ஷூ நசுக்கினாலும் வலி சொல்லாது. "வலிக்கலையே அண்ணே, நல்லாத்தானே இருக்கு" என்று அவள் சொல்வதை நான் நம்புவதில்லை. அவளுக்கு வாங்கும்போதும் தாளில் வரைந்துதான் வாங்குகிறோம். ஓரத்தில் லேசாகச் சிவந்தாலே வெந்நீர் வைத்தியம் எதுவும் செய்யாமல் அன்றைக்கே டாக்டர். உணர்ச்சி இல்லாத காலுக்குத் தண்ணீரின் சூடும் தெரியாது.

வளர்கிற பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தாளில் வரைந்து, பள்ளி ஷூவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போன வருடம் சரியாக இருந்த ஷூ இந்த வருடம் நசுக்கும், பையன் சொல்ல மாட்டான். ஒரு தாளும் பென்சிலும் போதும். கடைக்காரர் "போட்டுப் போட்டு இளகிடும் சார்" என்று சொன்னால், மூக்கை உங்கள் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்காத இடம் இளகவும் செய்யாது.